ஒரு படத்தில் நாலு சாமான்

கூட்டமைப்பு போனில் ஆர்டர் பார்க்கிறது என் வேலை. அதில் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் சொல்றேன்.

தீபாவளிக்கு முன்னால் சென்னையிலிருந்து ஒரு அக்கா படம் அனுப்பினாங்க. ஒரு தாம்பாளம், அதில் பனை ஓலைப்பெட்டி, பெட்டிக்குள்ளே பால்கோவா, பக்கத்தில் சாத்தூர் காராச்சேவு, பின்னால் பட்டாசு கிஃப்ட் பாக்ஸ். கீழே "இது நாப்பது வேணும், எவ்வளவு?"ன்னு மட்டும் இருந்துச்சு.

இதுக்கு "எது வேணும்?"னு கேட்டால், "அதான் படத்துல இருக்கே"ன்னுதான் பதில் வரும். அவங்களைப் பொறுத்தவரைக்கும் ஏற்கெனவே காட்டிட்டாங்க. அதனால் நாமே ஒரு பொருளைப் பேர் சொல்லிக் கேட்கணும். எதை முதலில் சொல்றது? விலை கூடினதையும் இல்லை, படத்தில் பெரிசாத் தெரியறதையும் இல்லை. அவங்க எழுதின வார்த்தையைப் பாருங்க. பால்கோவாவும் சேவும் கிலோவில் கேட்பாங்க. வெறும் "நாப்பது"ன்னா எண்ணி வாங்குற சாமான். அது பெட்டியாகத்தான் இருக்கும்.

"ஓலைப்பெட்டி நாப்பதா அக்கா? வெறும் பெட்டியா, பலகாரம் வச்சா?"ன்னு கேட்டேன். நம்ம ஊகம் தப்பா இருந்தாலும் பரவாயில்லை, பேரைப் பார்த்ததும் அவங்களே திருத்திடுவாங்க. "பலகாரம் வச்சுத்தான்"னு உடனே பதில் வந்தது.

அடுத்தது தேதி. வளைகாப்பு ஒன்பது நாள் கழிச்சுன்னாங்க. பால்கோவா பால் பண்டம், வெளியில் வச்சால் சில நாள்தான் தாங்கும். இன்னைக்கே அனுப்ப முடியாது. சேவு காத்துப் புகாமக் கட்டினால் அதைவிட நாள் தாங்கும். ரெண்டையும் சொல்லி, எதை வைக்கட்டும்னு கேட்டேன். சேவுன்னாங்க. கடைசியா அளவு. படத்தில் பெட்டி பெரிசா சின்னதான்னு தெரியாது. "கால் கிலோ கொள்ளுறதா, அரைக் கிலோவா?"ன்னு கேட்டு, கால் கிலோன்னு வந்த பிறகுதான் விலை சொன்னேன். எல்லாக் கேள்வியையும் ஒரே மெசேஜில் போட்டால் கடைசிக் கேள்விக்கு மட்டும் பதில் வரும். ஒவ்வொண்ணாக் கேளுங்க.

பட்டாசைப் பத்தி அவங்க கேட்கலை. ஆனாலும், "பட்டாசு இதில் வராதுக்கா"ன்னு நானே எழுதினேன். சிவகாசிப் பக்கம்னாலே அதுவும் சேர்த்து வரும்னு நினைப்பாங்க. உரிமம் இல்லாமல் அதை விற்கக் கூடாது. தபால் பார்சலிலும் போகாது. ஆன்லைனில் பட்டாசு விற்க 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றமே தடை போட்டது.

நாம ஸ்டேட்டஸ் வைக்கிறப்பவும் இதே கணக்குதான். அழகுக்குப் பால்கோவா வச்சுப் பெட்டியைப் படம் பிடிச்சால், முதல் வரியில் "ஓலைப்பெட்டி"ன்னு எழுதுங்க. "பால்கோவா விற்பனைக்கு இல்லை"ன்னு ரெண்டாவது வரி. இல்லைன்னா அன்னைக்கு முழுக்கப் பால்கோவா விலைதான் கேட்பாங்க.