முற்பணம் வாங்கும் முன் பேர்க்காசைக் கேளுங்கள்
(தோட்டக் கமிட்டி கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



அட்வான்ஸ் வாங்காதீர்கள் என்று சொல்ல நான் வரவில்லை. பிள்ளைக்குச் சடங்கு, வீட்டில் ஒரு சாவு, பள்ளிக்கூடம் தொடங்குகிற மாதம் என்று வந்தால் யாரிடமாவது கேட்கத்தான் வேண்டும். தீபாவளிக்குத் தோட்டத்தில் முற்பணம் வாங்காதவர் இங்கே எத்தனை பேர்? அந்த முற்பணம் மாதாமாதம் சம்பளத் துண்டில் கழிவதை நாம் பார்க்கிறோம். அதை வாங்கியதற்காக யாருடைய பேர்க்காசும் குறைவதில்லை. இந்த இரண்டையும் மனதில் வைத்துக்கொண்டு இனி நான் சொல்வதைக் கேளுங்கள்.

நம் சங்கத்துக்கு ஓர் அக்கா வந்தார். தோட்டத்தில் வேலை நாட்கள் குறைந்ததால் வெளியே மரக்கறித் தோட்டமொன்றுக்குப் போனவர். அங்கே ஆட்களைச் சேர்க்கிற கொந்தராத்துக்காரர் அவருக்கு 40,000 ரூபாய் கொடுத்தார். “வட்டி ஒரு சதமும் இல்லை, அக்கா. மாதம் 4,000 கழிப்போம், பத்து மாதத்தில் முடிந்துவிடும்” என்றார். கேட்டால் நல்ல மனிதர் என்றுதான் தோன்றும்.

ஆனால் அதே பாத்தியில், அதே வேலைக்கு, அட்வான்ஸ் வாங்காத பெண்களுக்கு நாளுக்கு 1,800 ரூபாய். இந்த அக்காவுக்கு 1,400. கேட்டபோது, “உங்களுக்குத்தான் முன்னாலேயே காசு தந்தோமே” என்றார்கள்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். நாளுக்கு 400 ரூபாய் குறைகிறது. மாதம் 20 நாள் வேலை என்றால் 8,000. பத்து மாதத்துக்கு 80,000. வாங்கிய 40,000ஐயும் அவர் திருப்பிக் கட்டுகிறார், அதற்கு மேலே 80,000ஐ வேலையாகவும் கொடுக்கிறார். வட்டியில்லாக் காசு என்று அவர் நினைத்தது, முதலைப் போல் இரண்டு மடங்கு விலையுள்ள காசு. ஊரில் மீற்றர் வட்டிக்காரனைத் திட்டுகிறோம். இதைத் திட்டுவதற்குக்கூட நமக்குத் தெரியாமல் போகிறது, ஏனென்றால் இது கடன் கணக்கில் வராமல் கூலிக் கணக்கில் ஒளிந்திருக்கிறது.

ஆகவே முதலில் கேட்க வேண்டியது, “எவ்வளவு தருவீர்கள்?” என்பதல்ல. “அட்வான்ஸ் வாங்காதவருக்கு நாளுக்கு எவ்வளவு?” என்பதுதான். அதைக் கொந்தராத்துக்காரரிடம் கேட்டுப் பயனில்லை. அங்கே வேலை செய்கிற பெண்களிடம் கேளுங்கள்.

அடுத்தது மீதிக் கணக்கு. ஆறு மாதத்தில் 24,000 கழிந்துவிட்டது, 16,000தான் மீதி என்று அக்கா நினைத்திருந்தார். அவர்களோ 31,000 என்றார்கள். இடையில் அவர்களுடைய கடையில் அரிசி, மா, சீனி எடுத்திருக்கிறார். அதையெல்லாம் அதே அட்வான்ஸில் ஏற்றிவிட்டார்கள். எந்த நாள், எவ்வளவு என்று ஒரு சிட்டையும் இல்லை. முற்பணமும் கடைக்கடனும் ஒரே கணக்கில் ஏறினால் அந்தக் கணக்கு முடியவே முடியாது. நம் தாத்தா பாட்டிகளைக் கங்காணிக் கடன் பிடித்து வைத்திருந்ததும் இப்படித்தான். கடனைக் கட்டினால்தான் ஆளை விடுவோம் என்று எழுதிய ‘துண்டு’ முறையை 1921இல் சட்டம் ஒழித்தது. காகிதம் போனது, பழக்கம் முழுதாகப் போகவில்லை.

மூன்றாவதாக, அக்காவின் அடையாள அட்டையை வாங்கி வைத்திருந்தார்கள். எழுதாத தாளில் கைநாட்டும் வாங்கியிருந்தார்கள். நிற்கப் போகிறேன் என்றபோது, “காசை வைத்துவிட்டுப் போ, இல்லாவிட்டால் உன் மகனை அனுப்பு” என்றார்கள்.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்கிறேன். வாங்கிய கடன் கடன்தான். வேலையை விட்டாலும் அது அழியாது, அவர் வழக்குப் போட்டுக் கேட்கலாம். ஆனால் காசைத்தான் கேட்கலாம், உங்களைக் கேட்க முடியாது. கடனுக்காக ஆளை வேலையில் கட்டிவைப்பது, 2006ஆம் ஆண்டுத் திருத்தத்தின் பின் நம் நாட்டுத் தண்டனைச் சட்டக் கோவையில் ஒரு குற்றம். அட்டையைக் கேட்டாலே, வெற்றுத்தாளை நீட்டினாலே, அந்த அட்வான்ஸை வாங்காமல் திரும்பி வாருங்கள். நல்ல எண்ணமுள்ளவருக்கு அவை இரண்டும் தேவைப்படாது.

அக்காவைக் காப்பாற்றியது அவருடைய மகளின் பழைய அப்பியாசக் கொப்பி. வேலைக்குப் போன ஒவ்வொரு நாளையும், கழித்த ஒவ்வொரு 4,000ஐயும் அந்தப் பிள்ளை அதில் எழுதி வைத்திருந்தாள். நாங்கள் கொப்பியோடு போய், கடைச் சிட்டைகளைக் காட்டச் சொன்னோம். காட்ட எதுவும் இல்லை. தொழில் திணைக்களத்துக்கும் பொலிஸுக்கும் போவோம் என்ற பிறகு அட்டையும் தாளும் திரும்பி வந்தன. மீதி 16,000ஐ மாதம் 2,000 வீதம் கட்டுவதென்று இரு பக்கமும் கையெழுத்திட்டு ஆளுக்கொரு பிரதி எடுத்தோம். குறைத்த கூலியைக் கேட்டோம், அது மட்டும் இன்னும் கைக்கு வரவில்லை. அக்கா இப்போது அடுத்த தோட்டத்தில் 1,800க்கு வேலை செய்கிறார், அந்தக் காசிலிருந்துதான் தவணை கட்டுகிறார்.