கிணற்றுக்கு 20 கிராம்

ஐப்பசி மழை நாலு நாள் கொட்டி ஓய்ந்ததும் கிணறு உள்ள வீடுகளில் ஒரு காட்சியைப் பார்க்கலாம். வீட்டுக்காரர் பிளீச்சிங் பவுடர் பொட்டலத்தைப் பிரித்து, கை நிறைய அள்ளிக் கிணற்றுக்குள் வீசுவார். தண்ணீர் வெளுக்கும், வாடை வரும். வேலை முடிந்தது என்று உள்ளே போய்விடுவார்.

அந்தப் பவுடரில் கிருமியைக் கொல்வது குளோரின். நல்ல பவுடரில் அது நூற்றுக்கு 25 பங்குதான். மீதியில் பெரும்பகுதி சுண்ணாம்பு. அப்படியே வீசினால் கட்டியாக அடியில் போய்ப் படியும். தண்ணீர் முழுவதும் மருந்து பரவாது. சுண்ணாம்பு சேர்ந்து கடினத்தன்மைதான் கூடும்.

முறையாகச் செய்வது எப்படி? முதல் வேலை அளப்பது. கயிற்றில் கல்லைக் கட்டி அடிவரை இறக்கித் தூக்குங்கள். நனைந்த நீளம்தான் தண்ணீரின் ஆழம். கிணற்றின் விட்டத்தையும் அடிக்கணக்கில் அளங்கள். விட்டத்தை விட்டத்தால் பெருக்கி, ஆழத்தால் பெருக்கி, பிறகு 22-ஆல் பெருக்கினால் எத்தனை லிட்டர் என்று ஏறக்குறையத் தெரியும். 6 அடி விட்டம், 10 அடித் தண்ணீர் என்றால் 7,920 லிட்டர். 8,000 என்றே வைத்துக்கொள்வோம். 1,000 லிட்டருக்கு இரண்டரை கிராம் பவுடர். ஆக, இந்தக் கிணற்றுக்கு 20 கிராம் போதும். அதே கிணற்றில் சித்திரையில் 4 அடித் தண்ணீர்தான் நிற்கும்; அப்போது 8 கிராம்.

பவுடர் உலர்ந்து, வெள்ளையாக, மூக்கைத் துளைக்கும் வாடையோடு இருக்க வேண்டும். ஈரம் ஏறிக் கட்டிப்பட்டு, வாடை மங்கிப்போயிருந்தால் குளோரின் பறந்துவிட்டது என்று பொருள். அதை எவ்வளவு போட்டாலும் கணக்குக்கு வராது.

அடுத்து கரைப்பது. பிளாஸ்டிக் வாளியில் பவுடரைப் போட்டு, கொஞ்சம் தண்ணீர் விட்டுக் குச்சியால் தோசைமாவு போலக் குழையுங்கள். பிறகு முக்கால் வாளி தண்ணீர் விட்டுக் கலக்கிப் பத்து நிமிடம் அப்படியே விடுங்கள். சுண்ணாம்பு அடியில் தங்கும். மேலே நிற்கும் தெளிந்த நீரை மட்டும் இன்னொரு வாளியில் இறுத்துக்கொள்ளுங்கள். வண்டலைக் குழி தோண்டிப் புதைத்துவிடலாம்.

தெளிந்த நீர் உள்ள வாளியைக் கயிற்றில் கட்டி, கிணற்றுத் தண்ணீருக்குள் அமிழ்த்தி, மேலும் கீழும் பக்கவாட்டிலும் நன்றாக அலசுங்கள். இந்த அலசலில்தான் மருந்து அடிவரை சேரும். பிறகு ஒரு மணி நேரம் யாரும் தண்ணீர் இறைக்கக் கூடாது. மோட்டாரும் போடக் கூடாது. கிருமி சாக அந்த நேரம் வேண்டும். இரவில் எல்லோரும் இறைத்து முடித்த பிறகு செய்தால் விடியும்வரை கிணறு தொந்தரவில்லாமல் கிடக்கும்.

போட்டது போதுமா என்று எப்படி அறிவது? ஊராட்சியில் மேல்நிலைத் தொட்டியைக் கவனிப்பவரிடம் குளோரோஸ்கோப் என்ற சிறு கருவி இருந்தால் கேளுங்கள். குழாயில் தண்ணீர் எடுத்து மருந்துச் சொட்டு விட்டால் மஞ்சள் நிறம் தோன்றும். நிற அட்டையோடு ஒப்பிட வேண்டும். ஒரு மணி நேரம் கழித்தும் லிட்டருக்கு 0.5 மில்லிகிராம் குளோரின் மிஞ்சியிருந்தால் போதும். அதற்குக் குறைந்தால், தண்ணீரில் இருந்த அழுக்கே மருந்தைத் தின்றுவிட்டது. மறுபடி மருந்திட வேண்டும். கலங்கிய தண்ணீரில் இதுதான் நடக்கும். வெள்ளம் உள்ளே புகுந்த கிணறானால் 20 கிராம் கணக்கு செல்லாது. முதலில் தண்ணீரை முழுக்க இறைத்து, சேற்றை வாரி, புது ஊற்று ஊறிய பிறகே மருந்து.

உங்கள் பாதுகாப்பும் முக்கியம். திறந்த வெளியில், காற்றுக்கு முதுகு காட்டி நின்று கரையுங்கள். கைக்கு உறை, மூக்குக்குத் துணி, முடிந்தால் கண்ணுக்குக் கண்ணாடி. கண்ணில் பட்டால் உடனே நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவி மருத்துவரிடம் போங்கள். கழிவறை கழுவும் ஆசிட்டோடு இந்தப் பவுடர் சேரவே கூடாது. நச்சு வாயு கிளம்பும். மருந்திட்ட கிணற்றுக்குள் யாரும் இறங்கக் கூடாது. கொசுப்புழு தின்ன மீன் விட்டிருந்தால், முன்னதாகவே தொட்டிக்கு மாற்றிவிடுங்கள்.

ஒரு குறையையும் சொல்லியாக வேண்டும். போட்ட குளோரின் நிலையாகத் தங்காது. பக்கத்துக் கழிவுக்குழி கசிந்துகொண்டிருந்தால், இன்று கொன்ற கிருமி நாளை திரும்ப வரும். கசிவை அடைக்கிறவரை தண்ணீரைக் கொதிக்கவைத்துத்தான் குடிக்க வேண்டும்.

அடிக்கு ஒரு முடிச்சுப் போட்ட கயிறு ஒன்று கப்பிக்குப் பக்கத்தில் தொங்கட்டும். பவுடரைத் தொடுமுன் கை அந்தக் கயிற்றுக்குப் போகட்டும்.