எழுதியது கையா, கருவியா?

(பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரை)



விக்கிப்பீடியா என்பது பொதுமக்களே கூடி எழுதும் கலைக்களஞ்சியம். தமிழில் அது 2003ஆம் ஆண்டில் தொடங்கியது. யாரும் எழுதலாம், யாரும் திருத்தலாம். அதிலே சேர்ப்பதற்காக ஆறாம் ஆண்டு மாணவர் இருவரிடம் 'பால்மரம் சீவுதல்' பற்றி எழுதி வரச் சொன்னேன். ஒரு மாணவன், ஒரு மாணவி. இரண்டு கட்டுரையையும் பார்த்ததும் இது கணினிக் கருவி எழுதியதுதான் என்று முடிவு கட்டிவிட்டேன். பாதிதான் சரி!

எனக்கு ஏன் அப்படித் தோன்றியது? இரண்டிலும் நான்கு பத்திகள். அளவெடுத்துத் தைத்ததுபோல் ஒவ்வொன்றும் ஐந்து வரி. விஷயம் தெரிந்தவர் எழுதினால் அப்படி வராதுங்க. கத்தி பிடிக்கும் விதத்தைச் சொல்ல ஒரு பக்கம் வேண்டும். மழை நாளில் வேலை இல்லை என்பதற்கு ஒரு வரி போதும். அடுத்தது, சான்று. எந்த நூல், எந்தப் பக்கம் என்ற குறிப்பு இரண்டிலும் இல்லை.

மூன்றாவது, நடுநிலை நடை. இதில்தான் பலரும் ஏமாந்து போகிறோம். கலைக்களஞ்சியம் நடுநிலையாகத்தான் இருக்க வேண்டும். ஆனால் அங்கே நடுநிலை என்றால், மாறுபட்ட கருத்துகளை இன்னார் சொன்னார் என்று குறித்து, எழுதுபவர் பக்கம் சாயாமல் இருப்பது. மாணவன் கட்டுரையிலோ, "பால்மரம் சீவுதல் நாட்டின் வளர்ச்சியில் முக்கியப் பங்காற்றுகிறது, இதற்குத் திறமையும் பொறுமையும் தேவை" என்று இருந்தது. இதில் பால்மரத்தை எடுத்துவிட்டுச் செம்பனையைப் போட்டுப் பாருங்கள். ஒரு குறையும் தெரியாது! அது நடுநிலை அல்ல, வெறுமை.

இருவரிடமும் "இது எங்கே இருக்கிறது?" என்று கேட்டேன். மாணவி மறுநாள் நூலகப் புத்தகத்தையே கொண்டுவந்து பக்கத்தைக் காட்டினாள். எல்லாம் அதில் இருந்தது. பத்திகள் ஏன் இப்படி ஒரே அளவு என்றேன். "நீங்கதானே டீச்சர், பத்திக்கு ஐந்து வரி எழுதணும்னு சொன்னீங்க" என்றாள். எனக்கு வாயடைத்துப் போயிற்று. அவளிடம் வகுப்பிலேயே மன்னிப்புக் கேட்டேன்.

மாணவனும் ஒரு நூலின் பெயரைக் கொண்டுவந்தான். ஆசிரியர் பெயர், ஆண்டு, பின்னட்டையில் அச்சிடும் 13 இலக்கப் புத்தக எண் எல்லாம் இருந்தன. எண் 9789671234506. இந்த எண்ணுக்கு ஒரு கணக்கு உண்டு. முதல் இலக்கத்தை 1ஆல், அடுத்ததை 3ஆல், மறுபடி 1ஆல் என்று மாற்றி மாற்றிப் பெருக்கிக் கூட்ட வேண்டும். கூட்டுத்தொகை பத்தால் மீதியின்றி வகுபட வேண்டும். கரும்பலகையில் பிள்ளைகளே போட்டார்கள். 125 வந்தது. வகுபடவில்லை. எழுத்துப் பிழையாகவும் இருக்கலாமே என்று நூலகப் பட்டியலில் தலைப்பையும் தேடினோம். அப்படி ஒரு நூலே இல்லை. சான்று கேட்டதால், சான்றையும் கருவியே புனைந்து கொடுத்துவிட்டது. கணக்கில் தேறிவிட்டால் மட்டும் நம்பிவிடக் கூடாது. பொய் எண்ணும் பத்தில் ஒன்று தற்செயலாகத் தேறிவிடும்.

பெரியவர்களும் இதில் ஏமாந்திருக்கிறார்கள். ஆங்கில விக்கிப்பீடியாவில் 2023ஆம் ஆண்டில், துருக்கியர் காலத்துக் கோட்டை ஒன்றைப் பற்றி 2,000 சொற்களுக்கு மேல் கட்டுரை இருந்தது. கோட்டையே கிடையாது! இன்னொரு கட்டுரை ஒரு வண்டைப் பற்றியது. அதில் காட்டிய சான்றுகள் உண்மையானவைதான். திறந்து பார்த்தால் அந்த வண்டைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. ஆகவே சான்று இருக்கிறதா என்று பார்ப்பதோடு விடாமல், சொன்ன செய்தி அதற்குள்ளே இருக்கிறதா என்றும் திறந்து பார்க்க வேண்டியிருக்கிறது.

மாணவனை நான் தண்டிக்கவில்லை. அவன் அம்மாவிடம் கேட்டு எழுதச் சொன்னேன். அவர், "இடப்பக்கம் மேலே தொடங்கி வலப்பக்கம் கீழே சரிவா வெட்டணும், கட்டையில கத்தி படக்கூடாது, விடியக்காலையிலதான் பால் நல்லா இறங்கும்" என்று சொல்லியிருக்கிறார். அம்மா வாய்ச்சொல்லைக் கலைக்களஞ்சியம் சான்றாக ஏற்காது. அது எனக்கும் மனக்குறைதான். அதே செய்தியை மாணவி கொண்டுவந்த புத்தகத்தில் தேடினோம். பால் குழாய்கள் பட்டைக்குள் சற்றுச் சாய்ந்து ஓடுவதால், அந்தப் பக்கமாக வெட்டினால் அதிகக் குழாய்கள் அறுபடும் என்று காரணமும் போட்டிருந்தது. பையனின் புதிய கட்டுரையில் இப்போது வெட்டுக்கு மட்டும் பதினேழு வரி. மழைக்கு ஒரே வரி.