கடன் தவணை தவறினால் டெபாசிட்டில் வங்கி கை வைக்கலாமா?

 

நம் ஊரில் ரெடிமேட் தொழில் செய்கிறவர்கள் பலருக்கு ஒரே வங்கியில்தான் எல்லாமே இருக்கிறது. மெஷின் கடனும் அங்கேதான், வீட்டுச் சேமிப்பும் அங்கேதான், பெண் பிள்ளை கல்யாணத்துக்குப் போட்ட டெபாசிட்டும் அங்கேதான். தவணை நாலு நின்றதும் டெபாசிட்டை எடுக்கப் போனால், "லீன் போட்டிருக்கு" என்கிறார்கள். "கடனுக்கு மெஷினைத்தானே ஈடு கொடுத்தோம், டெபாசிட்டை எப்படி நிறுத்தலாம்?" என்று நம் அறக்கட்டளைக்கு வந்து கேட்கிறார்கள்.

நிறுத்தலாம் என்பதுதான் பதில். 1872-ம் வருடத்து இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 171-வது பிரிவு அந்த உரிமையை வங்கிக்குக் கொடுக்கிறது. வேறு மாதிரி ஒப்பந்தம் இல்லாத வரை, வாடிக்கையாளர் மொத்தத்தில் தர வேண்டிய பாக்கிக்காக, தன் கைக்கு வந்த அவருடைய பொருளை வங்கி பிடித்து வைக்கலாம். இதுதான் லீன், அதாவது பற்றுரிமை. (அதே பிரிவில் துறைமுகச் சரக்குக் காப்பாளருக்கும் இந்த உரிமை உண்டு.) சேமிப்புக் கணக்கிலுள்ள பணத்தில் வேலை செய்வது வேறொன்று. அந்தப் பணம் வங்கி நமக்குத் தர வேண்டிய கடன். நாம் அவர்களுக்குத் தர வேண்டியதும் கடன். ஒன்றில் மற்றொன்றைக் கழித்துக்கொள்வதை "அட்ஜஸ்ட்மென்ட்" என்பார்கள்.

கையெழுத்துப் போட்ட தாளைப் பொறுத்து இந்த உரிமை இன்னும் விரியும். சிண்டிகேட் வங்கி வழக்கில் 1992-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. வங்கி உத்தரவாதத்துக்கு ஈடாக இரண்டு டெபாசிட் ரசீதுகள் கொடுக்கப்பட்டிருந்தன. கூடவே கொடுத்த கடிதத்தில், மற்ற பாக்கிகளுக்கும் அவற்றைப் பிடித்துக்கொள்ளலாம் என்று இருந்தது. ரசீதுகளின் மேல் வங்கிக்குப் பற்றுரிமை உண்டு என்று நீதிமன்றம் ஏற்றது. நம்மில் எத்தனை பேர் அப்படிப்பட்ட வரியைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுகிறோம்?

ஒரு உதாரணக் கணக்குப் பார்ப்போம். ஒருவருக்குக் கடன் பாக்கி 1,60,000 ரூபாய். மாதத் தவணை 8,000. நாலு தவணை நின்றுவிட்டது. முதிர்ந்த டெபாசிட் 2,00,000 இருக்கிறது. முழுக் கடனையும் உடனே கட்டச் சொல்லி வங்கி நோட்டீஸ் கொடுக்காதவரை, கெடு தாண்டியது 32,000-மும் அதற்கான வட்டியும்தான். கழிக்கக்கூடியதும் அவ்வளவுதான். கடன் பத்திரத்தின்படி முழுப் பாக்கியையும் கேட்டுவிட்டால் 1,60,000-ஐயும் கழிக்கலாம். ஆனால் மீதி 40,000-ஐத் திருப்பித் தர வேண்டும். டெபாசிட் முதிர இன்னும் ஒரு வருடம் இருந்தால் லீன் போட்டு வைக்கலாம். முன்கூட்டியே முடித்துக் கழிப்பது நாம் எழுதிக்கொடுத்ததைப் பொறுத்தது.

அந்த மீதி சும்மா கேட்கிற சலுகை இல்லை. சிட்டி யூனியன் வங்கி சம்பந்தப்பட்ட ஒரு வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொன்னது. வாடிக்கையாளரின் பொறுப்பு எவ்வளவோ அவ்வளவுக்குத்தான் பற்றுரிமை. அதற்கு மேல் பிடித்து வைத்து அவருக்கு நஷ்டம் வந்தால் வங்கி ஈடு கொடுக்க வேண்டும். 2003-ல் வெளியான அந்தத் தீர்ப்பில் இன்னொரு நிபந்தனையும் உண்டு. இரண்டு பக்கமும் அதே ஆட்கள், அதே தகுதியில் இருக்க வேண்டும்.

நம் குடும்பங்களுக்கு இங்கேதான் விஷயமே. அத்தாவின் சொந்தக் கடனுக்கு, அவர் கார்டியனாக மட்டும் இருக்கும் மகளின் டெபாசிட்டை எடுக்க முடியாது. பணம் பிள்ளையுடையது. கூட்டு நிறுவனத்தின் கணக்கிலிருந்து ஒரு பங்குதாரரின் தனிக்கடனைக் கழிக்க முடியாது. கணவன், மனைவி இருவர் பேரிலுள்ள கணக்கை, மனைவி சம்மதித்து எழுதிக்கொடுக்காமல், கணவனின் கடனுக்குச் சேர்க்க முடியாது. ஆனால் ஜாமீன் கையெழுத்துப் போட்டவர் விஷயம் வேறு. ஜாமீன்தாரரிடம் வங்கி முறையாகக் கேட்டுவிட்டால் அவருடைய சொந்த டெபாசிட்டும் மாட்டும். மச்சானுக்காகப் போட்ட கையெழுத்து அப்போதுதான் நினைவுக்கு வரும்! மூன்று வருடம் ஓடிவிட்டால் கடன் செத்துவிடும் என்றும் நினைக்க வேண்டாம். வங்கி வழக்குப் போட முடியாமல் போகலாம், கையிலிருக்கும் டெபாசிட்டின் மேல் பற்றுரிமை போகாது.

ஜகாத் வசூலையும் பள்ளிவாசல் சந்தாவையும் யாராவது ஒருவரின் சொந்தச் சேமிப்புக் கணக்கில் வைப்பதை இதனால்தான் நாங்கள் கண்டிக்கிறோம். அறக்கட்டளைப் பணம் என்று தெரிந்தே வங்கி அதை ஒருவரின் சொந்தக் கடனுக்கு எடுக்க முடியாது. ஆனால் கணக்கு அவர் பேரில் மட்டும் இருந்தால், அது யார் பணம் என்று வங்கிக்கு எப்படித் தெரியும்? அவர் தவணை தவறிய அன்று ஏழைகளின் பணமும் சேர்ந்து போகும். பிறகு ரசீதுப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு நிரூபிக்க அலைய வேண்டும்.

லீன் போட்டிருப்பது தெரிந்தால் முதலில் கிளையில் எழுத்தில் கேளுங்கள்: எந்தக் கடனுக்கு, எவ்வளவு, எந்தத் தேதியிலிருந்து, எந்தக் கையெழுத்தின் பேரில். கடன் ஒப்பந்த நகலும் கேளுங்கள். மனு கொடுத்ததற்கு முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். முப்பது நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் சரியில்லாவிட்டாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் cms.rbi.org.in தளத்தில் புகார் செய்யலாம். கட்டணம் கிடையாது. மனு எழுதத் தெரியாதவர்கள் பாஸ்புக்கையும் கடன் தாள்களையும் எடுத்துக்கொண்டு நம் அலுவலகத்துக்கு வாருங்கள், எழுதித் தருகிறோம்.