சமாதானத்துக்குப் பின் எழுதும் மடல்
(க்ஷமாவணி நாள் கூட்டத்தில் ஆற்றிய உரை)



இன்று கைகூப்பி ஒருவரையொருவர் பொறுத்தருளினோம். பிரிந்த நட்பு கூடிய பின் எழுதவேண்டிய ஒரு சிறு மடலைப் பற்றியே இங்குப் பேச விழைகின்றேன்.

இரு நண்பர்கள் குடும்பத்துடன் சிரவணபெளகொளாவுக்கு யாத்திரை சென்றனர் என்று கொள்வோம். வேன் வாடகை 18,000 ரூபாய். ஒருவர் வீட்டில் ஆறு பேர். மற்றவர் வீட்டில் மூவர். குடும்பத்துக்கு 9,000 என்று கணக்கிட்டார் முதலாமவர். தலைக்கு 2,000 வீதம் தம் பங்கு 6,000 மட்டுமே என்றார் இரண்டாமவர். வேறுபாடு 3,000 ரூபாய்தான். ஆயினும் இருவரும் உறவினரிடம் முறையிட்டனர். எட்டு மாதம் பேச்சு நின்றது. பின்னர் நேரில் அமர்ந்து, வேறுபாட்டைப் பாதியாகப் பகிர்ந்து சமாதானமாயினர். அன்றிரவு ஒருவர் மற்றவருக்கு எழுதத்தக்க மடல் இது:

"அன்பு நண்பரே, வேன் கணக்கு இன்றோடு முடிந்தது. இனி எந்தப் பேச்சிலும் அதை நான் எடுக்கமாட்டேன். நாம் இசைந்தவற்றை எழுதுகிறேன். பொதுச்செலவு எதுவாயினும், புறப்படுமுன் பங்கீட்டைக் குறித்துக்கொள்வோம். மனத்தாங்கல் வந்தால் பிறரிடம் சொல்லுமுன் நமக்குள் சொல்லிக்கொள்வோம். சினத்தால் அன்றே பேச இயலாவிடின், பேசும் நாளையேனும் சொல்லிவிடுவோம். அது 15 நாள்களைக் கடவாதிருக்கட்டும். அப்போதும் தீராவிடின், இருவருக்கும் இசைந்த பெரியவர் ஒருவரிடம் மட்டும் செல்வோம். திருத்த வேண்டியது இருந்தால் சொல்லுங்கள்."

இம்மடலில் யார் சொன்னது சரி என்ற ஆராய்ச்சி இல்லை. 'இருந்தாலும் அன்று நீங்கள்' என்று ஒரு வரி சேர்ந்தால், மூடிய வழக்கு மீண்டும் திறக்கும். 'இனி நமக்குள் பிணக்கே வராது' என்ற உறுதியும் இல்லை. அவ்வுறுதி முதல் பிணக்கிலேயே பொய்த்துவிடும். கடைசி வரி இன்றியமையாதது. அது இல்லையேல் உடன்பாடு கட்டளையாகிவிடும்.

15 நாள் என்ற எல்லை நம் மரபுக்குப் புதிதன்று. நம் முன்னோர் சினத்தைக் கல்லில், நிலத்தில், புழுதியில், நீரில் கிழித்த கோடுகள் என நால்வகையாகப் பகுத்தனர். கோடு எவ்வளவு ஆழம் என்பதைவிட, அது எத்துணைக் காலம் அழியாது நிற்கிறது என்பதே அப்பகுப்பின் கருத்து. பிரதிக்கிரமணத்தையும் ஆண்டுக்கு ஒருமுறை என்று மட்டும் விடாமல், நாள்தோறும், பக்கந்தோறும் என வகுத்தனர். மன்னிப்புக்கு இந்நாள் வரை காத்திருந்தால், புழுதிக் கோடு நிலத்து வெடிப்பாகிவிடும்.

உடன்பாடு நிலைத்ததா என்பதை அடுத்த பிணக்கில் அறியலாம். பழைய வேன் கணக்கு அங்கே தலைகாட்டாவிடின், மடல் தன் பணியைச் செய்துவிட்டது.

இன்று எவரிடம் பொறுத்தருளக் கேட்டீர்களோ, அவருக்கு இம்மடலை இன்றிரவே எழுதுங்கள்.