ஃப்ளேஞ்சைத் திறக்கும் முன்



மெத்தனால், அம்மோனியா பற்றிய கூட்டங்களில் பேச்சு பெரும்பாலும் கார்பன் கணக்கிலும் விலையிலுமே நின்றுவிடுகிறது. அவற்றைப் பேச இங்கே வேறு அமர்வுகள் இருக்கின்றன. நான் எடுத்துக்கொள்வது ஒரே ஒரு தருணம். என்ஜின் ரூமில் ஒரு பொறியாளர் எரிபொருள் குழாயின் ஃப்ளேஞ்ச் போல்ட்டில் ஸ்பேனரை வைக்கிறார். அந்தக் குழாய்க்குள் இருப்பது டீசலா, மெத்தனாலா, அம்மோனியாவா என்பதைப் பொறுத்து அவர் அதற்கு முன் செய்திருக்க வேண்டிய வேலை அடியோடு மாறுகிறது.

டீசல் நமக்குத் தந்திருக்கும் பழக்கம் எல்லோருக்கும் தெரியும். வால்வை மூடு, வடிகாலைத் திற, டிரிப் ட்ரேயை அடியில் வை, மீதி சொட்டுவதைக் காட்டன் வேஸ்ட்டால் துடை. டீசல் கண்ணுக்குத் தெரியும், தரையில் கிடக்கும், சூடான பரப்பில் படாதவரை நமக்கு நேரம் கொடுக்கும். தலைமுறை தலைமுறையாக நம் கைகள் கற்றுக்கொண்டது அந்த அவகாசத்தை நம்பித்தான். புதிய எரிபொருள்கள் இரண்டும் அந்த அவகாசத்தை இரு வேறு வழிகளில் பறிக்கின்றன.

ஒரு லிட்டர் மெத்தனால் கொட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். அது முழுதும் ஆவியானால் ஏறக்குறைய 600 லிட்டர் ஆவி. காற்றில் 6 சதவீதம் கலந்தால் தீப்பற்றும் என்பதால், சுமார் 10 கன மீட்டர் காற்றைத் தீப்பற்றும் நிலைக்கு அதனால் கொண்டுவர முடியும். உடனடி உயிராபத்து என்று கருதப்படும் 6,000 பி.பி.எம். அளவுக்குக் கொண்டுவருவது என்றால் சுமார் 100 கன மீட்டர். அதுவும் மெதுவாகத்தான், மெத்தனால் கொதிப்பது 65 டிகிரியில். இப்போது அதே ஒரு லிட்டர் திரவ அம்மோனியா. அது கொதிப்பது மைனஸ் 33 டிகிரியில். ஏறக்குறைய ஒரு கன மீட்டர் வாயுவாக மாறும். உயிராபத்து எல்லை 300 பி.பி.எம். அப்படியானால் 20 மீட்டர் நீளம், 16 மீட்டர் அகலம், 10 மீட்டர் உயரமுள்ள ஒரு கூடம் முழுவதையும் கெடுக்க அந்த ஒரு லிட்டர் போதும். என்னைக் கேட்டால், பாதுகாப்பு விதிகள் இரண்டுக்கும் ஏன் இவ்வளவு வேறுபடுகின்றன என்பதற்கு இந்த ஒரு கணக்கே விளக்கம்.

மெத்தனாலில் நாம் ஓரளவு அனுபவம் சேர்த்துவிட்டோம். ஸ்வீடனின் கோதன்பர்க்குக்கும் ஜெர்மனியின் கீலுக்கும் இடையே ஓடும் ஸ்டெனா ஜெர்மானிக்கா 2015-இலேயே மெத்தனாலுக்கு மாற்றப்பட்டது. 2023-இல் லாரா மெர்ஸ்க் என்ற கன்டெய்னர் கப்பல் கொரியாவின் உல்சானிலிருந்து கோபன்ஹேகன் வரை மெத்தனாலில் வந்தது. சாதாரண வெப்பத்தில் திரவமாகவே இருப்பதால் அதைச் சேமிப்பது எளிது. ஆனால் அதன் தீ பகல் வெளிச்சத்தில் கண்ணுக்குப் புலப்படாது, புகையும் இல்லை. காற்று நடுங்குவதும் பெயின்ட் கொப்பளிப்பதும்தான் அடையாளம். அதனால்தான் வெப்பக் கேமரா அங்கே அவசியமாகிறது. தண்ணீர் ஊற்றினால் அணையும் என்று நினைப்பதும் ஆபத்து. நான்கில் ஒரு பங்கு மெத்தனாலும் மீதி தண்ணீருமாக இருக்கும் கலவைகூட எரியும். போதாத தண்ணீர், எரியும் குட்டையைப் பில்ஜ் முழுக்கப் பரப்பிவிடும். சாதாரண நுரையை மெத்தனால் கரைத்துவிடும் என்பதால் ஆல்கஹால் தாங்கும் நுரை வேண்டும்.

அதன் நஞ்சும் தாமதமாகத்தான் பேசும். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் 60-க்கும் மேற்பட்டோரைக் கொன்றதை நாம் மறக்கவில்லை. உடலுக்குள் அது ஃபார்மிக் அமிலமாக மாறிப் பார்வை நரம்பைத் தாக்கப் பல மணி நேரம் ஆகலாம். தோல் வழியாகவும் அது உள்ளே போகும். நனைந்த பாய்லர் சூட்டோடு வாட்ச் முடியும்வரை வேலை பார்க்கும் ஆயிலர், அன்றிரவு நன்றாகத்தான் இருக்கிறேன் என்பார். அந்த வார்த்தையை நம்பக் கூடாது. உடனே உடையைக் கழற்றிக் குளித்திருக்க வேண்டும். கரைக்கு மருத்துவ ஆலோசனை கேட்டிருக்க வேண்டும்.

அம்மோனியாவுக்கு வருவோம். சரக்காக அதைக் கப்பல்கள் பல பத்தாண்டுகளாகச் சுமக்கின்றன. சரக்காக இருக்கும்போது அது என்ஜின் ரூமுக்குள் வருவதில்லை. எரிபொருளானால் ஆட்கள் நடமாடும் இடத்துக்குள்ளேயே வருகிறது. அதனால் குழாய்க்கு மேல் குழாய். இரண்டுக்கும் நடுவே இடைவிடாத காற்றோட்டம், அங்கே வாயு உணரிகள். கசிவு காட்டினால் வால்வுகள் தாமாக மூடிக்கொள்ளும். ஓட்டத்தில் இருக்கும்வரை இந்த ஏற்பாடு நம்மைக் காக்கும். உள்குழாயை நாமே திறக்கும்போதுதான் அது நம்மைக் கைவிடுகிறது.

ஓர் எரிபொருள் இன்ஜெக்டரை மாற்ற வேண்டும் என்று கொள்வோம். என்ஜினை டீசலுக்கு மாற்றுகிறோம். அம்மோனியா வரிசையை இரண்டு வால்வுகளால் அடைத்து, நடுவிலுள்ள வடிகாலைத் திறக்கிறோம். மீதமுள்ள திரவத்தை நைட்ரஜனால் தள்ளி மீட்புத் தொட்டிக்கு அனுப்புகிறோம். வெளிவரும் வாயு தண்ணீர் ஸ்க்ரப்பர் வழியாகப் போகிறது. அழுத்தமானி பூஜ்ஜியம் காட்டுகிறது. டீசல் பழக்கமுள்ள கை இந்த இடத்தில் ஸ்பேனரை எடுக்கும்.

எடுக்கக் கூடாது. குழாயின் தாழ்ந்த வளைவிலோ வால்வின் வயிற்றிலோ கொஞ்சம் திரவம் தங்கியிருக்கலாம். அழுத்தம் குறைந்ததும் அது கொதித்து, தன் சூட்டையே இழந்து, மைனஸ் 33 டிகிரிக்கு இறங்கி அடங்கிக் கிடக்கும். அப்போது அழுத்தமானி பூஜ்ஜியம் காட்டத்தான் செய்யும். ஆகவே வடிகாலை மூடிவிட்டுக் காத்திருக்க வேண்டும். என்ஜின் ரூமின் சூட்டில் குழாய் மெல்லச் சூடேறும். முள் மறுபடி ஏறத் தொடங்கினால் உள்ளே திரவம் இருக்கிறது என்று பொருள். 25 டிகிரியில் அது 9 பார் வரை போகும். ஒற்றைச் சுவர்ப் பகுதிகளில் இன்னொரு சாட்சியும் உண்டு. வளைவின் அடிப்பக்கத்தில் மட்டும் வெள்ளையாய் உறைபனி படர்ந்திருக்கும். முள் அசையாமல் நின்று, பனியும் விலகி, நைட்ரஜன் மீண்டும் ஓடி, வாயு அளவு சரியென்று காட்டிய பிறகே போல்ட்டைத் தொடலாம். அப்போதும் சுவாசக் கருவியோடு, வெளியில் ஓர் ஆள் நிற்க. பர்ஜ் செய்த நைட்ரஜனே மூடிய இடத்தில் மூச்சை அடைக்கும் என்பதையும் மறக்க வேண்டாம். போர்ட்டில் நிற்கும் நேரம் குறைந்துகொண்டே வரும் காலத்தில் இந்தக் காத்திருப்புக்கு யார் நேரம் ஒதுக்கப்போகிறார்கள் என்பது என் உண்மையான கவலை.

ஸ்டோரிலிருந்து அவசரத்துக்கு எடுத்து மாட்டும் பித்தளை கேஜும் இங்கே எதிரிதான். செம்பையும் பித்தளையையும் அம்மோனியா அரித்து வெடிப்பு விடச் செய்யும்.

கசிந்துவிட்டால் என்ன செய்வது? வாயு மேகத்தைத் தண்ணீர்த் திரை நன்றாகவே கரைத்து அடக்கும். ஆனால் தரையில் தேங்கிய திரவத்தின் மேல் நேரடியாகத் தண்ணீர் அடித்தால், அந்தத் தண்ணீரின் சூட்டில் அது இன்னும் வேகமாகப் பொங்கும். அம்மோனியா காற்றைவிட லேசானது, மேலே போய்விடும் என்று நம்பி நிற்பதும் தவறு. குளிர்ந்த நிலையில் அது வெண்மேகமாகத் தரையை ஒட்டியே நகரும். 2023 டிசம்பர் 26 நள்ளிரவை ஒட்டி எண்ணூரில் ஓர் உர ஆலையின் கடலடி அம்மோனியாக் குழாய் கசிந்தபோது, பெரியகுப்பத்து மக்கள் மூச்சுத் திணறி வீடுகளை விட்டு ஓடினார்கள். பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். கப்பலில் ஓட இடமில்லை. அதனால் காற்று வரும் திசை பார்த்துத் தேர்ந்த புகலிட அறை, வரைபடத்திலேயே இருக்க வேண்டும்.

2024-இல் சிங்கப்பூரில் ஃபோர்டெஸ்க்யூ கிரீன் பயனியர் என்ற கப்பல் அம்மோனியாவை எரிபொருளாக ஏற்றியது. அதே ஆண்டு ஜப்பானில் சகிகாகே என்ற இழுவைக் கப்பல் அம்மோனியாவில் ஓடத் தொடங்கியது. அம்மோனியா எரிபொருளுக்கான இடைக்கால வழிகாட்டுதல்களுக்கு சர்வதேசக் கடல்சார் அமைப்பு ஒப்புதல் தந்ததும் அந்த ஆண்டின் கடைசியில்தான். எழுத்தில் இருப்பதைக் கப்பலில் நடத்திக்காட்டும் வேலை இப்போதுதான் ஆரம்பம்.

பிற்பகல் அமர்வில் பேசவிருப்பவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். தண்ணீர்த் திரையும் ஸ்க்ரப்பரும் உண்டாக்கும் அம்மோனியா நீரைக் கடலில் விட முடியாது. மிகச் சிறிய அளவே மீன்களைக் கொல்லும். அதைக் கப்பலில் எந்தத் தொட்டியில் வைப்பது, எத்தனை நாள் வைப்பது, எந்தத் துறைமுகம் அதை வாங்கிக்கொள்ளும்? உங்கள் கட்டுரைகளில் கன மீட்டர் கணக்கோடு இதற்குப் பதில் வேண்டும். மாநாட்டைத் தொடங்கிவைக்கிறேன்.