வராத செய்திக்கு அடிக்கும் மணி

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இரவு ஷிஃப்டில் ஒரு லாரி கம்பி ஏற்றி முடிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். எடைமேடையில் எடை போட்டாகிவிட்டது, பில்லிங் கம்ப்யூட்டரில் இன்வாய்ஸும் போட்டாகிவிட்டது. ஆனாலும் லாரி கேட்டைத் தாண்ட முடியாது. அந்த இன்வாய்ஸ் ஜி.எஸ்.டி. பதிவுப் போர்ட்டலுக்குப் போய், ஐ.ஆர்.என். எனப்படும் 64 எழுத்துப் பதிவெண்ணோடு திரும்ப வேண்டும். அதன்பின் இ-வே பில் கிடைத்து, டிரைவர் கையில் தாளாகச் சேர வேண்டும். பெரிய ஆலைகள் பலவற்றில் இதை யாரும் உட்கார்ந்து செய்வதில்லை. பின்னணியில் ஓடும் ஒரு நிரல், மென்பொருள்காரர்கள் வொர்க்கர் என்று சொல்வது, காத்திருக்கும் இன்வாய்ஸ்களை ஒவ்வொன்றாக எடுத்து அனுப்புகிறது. கம்ப்யூட்டர் பிரிவில் இருப்பவர்கள் மாலையிலேயே மின்சார ரயிலைப் பிடித்து வீட்டுக்குப் போயிருப்பார்கள். ஆளில்லாத அந்த நேரத்தில் வொர்க்கர் நின்றுபோனால் அதை முதலில் கண்டுபிடிப்பது யார் என்பதுதான் இன்றைய பேச்சு.

இந்த ஊரில் அந்தக் கேள்விக்கு அவசரம் அதிகம். கும்மிடிப்பூண்டியைத் தாண்டி எளாவூர், ஆரம்பாக்கம் கடந்தால் ஆந்திரம் வந்துவிடுகிறது. தமிழ்நாட்டுக்குள் ஒரு லட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட சரக்குக்குத்தான் இ-வே பில் வேண்டும். மாநில எல்லையைத் தாண்டும் சரக்குக்கு ஐம்பதாயிரமே வரம்பு. ஒரு லாரிக் கம்பி என்றால் எந்தக் கணக்கிலும் அது மீறித்தான் இருக்கும். தாள் இல்லாமல் பிடிபட்டால் வரிக்கு இரண்டு மடங்கு அபராதம் கேட்க ஜி.எஸ்.டி. சட்டத்தின் 129-ஆம் பிரிவு இடம் தருகிறது. அதனால் எந்த டிரைவரும் தாள் இல்லாமல் கிளம்ப மாட்டார். எல்லைக்கு அந்தப் பக்கம் ஸ்ரீசிட்டியில் இருக்கும் ஒரு தொழிற்சாலைக்குச் சரக்கு போகிறது என்றால் பயணமே கொஞ்ச நேரம்தான். அங்கே வாங்குபவர் ஒரு மணி நேரத் தாமதத்தைக்கூடக் கவனித்துவிடுவார். நம் ஆலையில் யாருக்கும் தெரியாத கோளாறு அவருடைய தொலைபேசி அழைப்பாகத்தான் நமக்கு வந்து சேரும்.

வொர்க்கர் எப்படி நிற்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும். நேரடியாகச் செத்து விழுவது எளிய வகை. இயங்குதளமே அதைத் திரும்ப எழுப்பிவிடும்படி அமைத்துக்கொள்ளலாம். தொல்லை கொடுப்பவை வேறு. போர்ட்டலுக்கு அனுப்பிவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கும்போது எதிர்முனை பேசாமல் இருந்துவிடுகிறது. இவ்வளவு நேரம்தான் காத்திருப்பேன் என்று நிரலில் எழுதப்படவில்லையென்றால் வொர்க்கர் விடியும்வரை காத்துக்கொண்டே இருக்கும். கம்ப்யூட்டரின் பட்டியலைத் திறந்து பார்த்தால் அது உயிரோடுதான் இருக்கும், பிழை என்று எதுவும் காட்டாது. இன்னொரு வகை, பின்கோடு தவறாக உள்ள ஒரே ஒரு இன்வாய்ஸ். போர்ட்டல் அதைத் திருப்பி அனுப்ப, வொர்க்கர் மறுபடி அனுப்ப, மறுபடி திரும்ப, அதன் பின்னால் நிற்கும் நல்ல இன்வாய்ஸ்கள் எல்லாம் அப்படியே தேங்கிவிடும். இந்த இரண்டிலும் வொர்க்கர் ஓடுகிறதா என்று கேட்டால் ஓடுகிறது என்றுதான் பதில் வரும். ஆகவே அந்தக் கேள்வியைக் கேட்பதில் பயனில்லை.

பிழை வந்தால் மின்னஞ்சல் அனுப்பு என்று எழுதிவைத்தால் போதாதா என்பார்கள். போதாது என்பதற்கு உலகறிந்த சான்று உண்டு. மென்பொருள்காரர்கள் தங்கள் நிரல்களைச் சேமித்துவைக்கும் கிட்லேப் நிறுவனத்தில், 2017 ஜனவரி 31 அன்று ஒருவர் தவறான சர்வரில் தரவுத்தளத்தை அழித்துவிட்டார். அன்றாடம் தானாக எடுக்கப்படும் பேக்கப் இருக்கிறதே என்று போய்ப் பார்த்தால் அந்த இடம் காலியாக இருந்தது. தரவுத்தளம் ஒரு பதிப்பு, பேக்கப் எடுக்கும் கருவி அதைவிடப் பழைய பதிப்பு. அதனால் அந்த வேலை தோற்றுக்கொண்டே இருந்திருக்கிறது. தோற்றதைச் சொல்ல மின்னஞ்சலும் அனுப்பியிருக்கிறது. ஆனால் அனுப்புநரைச் சரிபார்க்கும் கையொப்பம் அந்த அஞ்சல்களில் இல்லாததால் பெறும் சர்வர் அவற்றை ஏற்கவில்லை. தற்செயலாக ஆறு மணி நேரத்துக்கு முன் எடுத்துவைத்த ஒரு நகல் இருந்ததால், அந்த ஆறு மணி நேரத் தரவோடு இழப்பு நின்றது. கெட்ட செய்தி வரவில்லை, எனவே எல்லாம் நன்றாக இருக்கிறது என்று நினைத்தார்கள். செய்தியைச் சுமந்து வரும் வழியும் கெட்டுப்போகும் என்பதை நினைக்கவில்லை.

எனவே ஏற்பாட்டையே தலைகீழாக மாற்ற வேண்டும் என்பது என் வாதம். தோல்வி சொல்லப்படும்வரை காத்திருக்காமல், வெற்றி சொல்லப்படாவிட்டால் மணி அடிக்க வேண்டும். சென்ட்ரலிலிருந்து கும்மிடிப்பூண்டி வரும் மின்சார ரயிலில் இந்த ஏற்பாடு வெகுகாலமாக உண்டு. மோட்டார்மேன் தன் கைப்பிடியை அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும். மயங்கிச் சரிந்து கை நழுவினால் வண்டி தானாகவே பிரேக் போட்டு நின்றுவிடும். எனக்கு மயக்கம் வருகிறது என்று அவர் யாருக்கும் தெரிவிக்க வேண்டியதில்லை.

நம் ஆலையில் அந்தக் கைப்பிடி எது? இன்வாய்ஸ் போட்ட நேரமும் இ-வே பில் எண் வந்து சேர்ந்த நேரமும் ஒரே அட்டவணையில் இருக்கட்டும். எண் இன்னும் வராத இன்வாய்ஸ்களில் மிகப் பழையது எத்தனை நிமிடமாகக் காத்திருக்கிறது என்பதை வேறொரு சிறு நிரல் நிமிடத்துக்கு ஒருமுறை பார்க்கட்டும். கவனிக்க வேண்டியது இந்த ஒரே எண்தான். தொங்கி நிற்பதாக இருந்தாலும், பின்கோடு சிக்கலாக இருந்தாலும், நாம் நினைத்தே பார்க்காத புதுக் கோளாறாக இருந்தாலும் இந்த எண் ஏறும். இதில் பலர் விழும் குழி ஒன்று உண்டு. ஐந்து முறை தோற்ற இன்வாய்ஸைத் தனியே ஒதுக்கிவைத்துவிட்டு மற்றவற்றுக்கு வழிவிடுவது நல்ல பழக்கம்தான். ஆனால் வரிசையில் இருப்பதை மட்டும் எண்ணினால், ஒதுக்கிய உடனே வரிசை காலியாகி, எண் பூஜ்யத்துக்கு இறங்கி, மணி ஓய்ந்துவிடும். லாரியோ கேட்டிலேயே நிற்கும். வரிசையில் எதுவும் இல்லை என்பது வேலை முடிந்ததற்கு அடையாளம் ஆகாது. டிரைவருக்குத் தாள் கிடைத்ததா என்பதிலிருந்துதான் கணக்குப் பார்க்க வேண்டும்.

எத்தனை நிமிடத்தில் மணி அடிப்பது? இதை வாடிக்கையாளரின் பொறுமையிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட வேண்டும். ஏற்றிய லாரி அரை மணி நேரம் கேட்டில் நின்றால் யாரும் பொருட்படுத்த மாட்டார்கள், அதைத் தாண்டினால்தான் கேள்வி வரும் என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் விழித்து, கோளாறைப் பார்த்து, கையால் இ-வே பில் எடுக்க இருபது நிமிடம் வேண்டும். மிச்சம் பத்து. ஆகவே பத்தாவது நிமிடம் மணி அடிக்க வேண்டும். வழக்கமாக ஒரு நிமிடத்துக்குள் முடிகிற வேலைக்குப் பத்து நிமிடம் தாராளமான கெடுதான். வீண் அலாரம் அதிகம் வராது.

ஞாயிற்றுக்கிழமை லாரியே இல்லையே, அன்று வொர்க்கர் செத்துக் கிடந்தாலும் இந்த எண் பூஜ்யமாகத்தானே இருக்கும் என்று கேட்கலாம். சரியான கேள்வி. அதற்காகத்தான் வொர்க்கர் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை, தன் வழக்கமான சுற்றை முடித்தபின், நான் இருக்கிறேன் என்று வெளியே ஒரு சேதி அனுப்ப வேண்டும். காத்திருப்பைப் பார்க்கும் அந்தச் சிறு நிரலும் அப்படியே அனுப்ப வேண்டும். சேதி இரண்டு தடவை வராமல் போனால் வெளியே இருக்கும் கண்காணிப்புச் சேவை போன் செய்யும். வெளியே என்பதை நான் அழுத்திச் சொல்கிறேன். வொர்க்கர் இருக்கும் அதே அறையில், அதே மின்இணைப்பில், அதே பிராட்பேண்டில் கண்காணிக்கும் கருவியையும் வைத்தால், கரண்ட் போகும்போது இரண்டும் சேர்ந்தே போகும்.

மணி அடித்தபின் தேவைப்படுவது லாக், அதாவது வொர்க்கர் எழுதிவைக்கும் நடப்புக் குறிப்பு. பிழை என்று ஒரு சொல் மட்டும் எழுதும் லாக்கால் நள்ளிரவில் யாருக்கும் உதவி இல்லை. இரவு 1.42, இன்வாய்ஸ் எண் இது, இது இரண்டாவது முயற்சி, 30 நொடி காத்தும் பதில் இல்லை என்று இருக்க வேண்டும். போர்ட்டல் பதில் சொல்லியிருந்தால் அதன் பிழை எண்ணும் வேண்டும். அந்த எண்ணால் என்ன பயன் என்பதற்கு 2150 நல்ல எடுத்துக்காட்டு. இந்த இன்வாய்ஸ் ஏற்கெனவே பதிவாகிவிட்டது என்று பொருள் தரும் எண் அது. முதல் முயற்சி போய்ச் சேர்ந்து பதிவும் ஆகிவிட்டது, பதில்தான் வழியில் தொலைந்தது; மறுபடி அனுப்பியபோது 2150 வருகிறது. லாக்கில் அது தெரிந்தால், பதிவான எண்ணைப் போர்ட்டலிலிருந்து கேட்டு வாங்கி லாரியை அனுப்பிவிடலாம். வெறும் தோல்வி என்று இருந்தால் புது எண்ணில் இன்னொரு இன்வாய்ஸ் போட்டு, ஒரே சரக்குக்கு இரண்டு பதிவு செய்துவிடுவார்கள். கடவுச்சொல்லையும் டோக்கனையும் மட்டும் லாக்கில் எழுதக் கூடாது. லாக்கை நாளைக்கு யார் யாருக்கோ அனுப்பவேண்டி வரும்.

அலாரம் அதிகமானால் யாரும் மதிக்க மாட்டார்கள் என்பது அனுபவசாலிகள் சொல்லும் தடை. அதுவும் உண்மைதான். 2012 ஆகஸ்ட் 1 அன்று அமெரிக்கப் பங்குச்சந்தை நிறுவனமான நைட் கேபிடல், தவறாக அமைக்கப்பட்ட ஒரு நிரலால் ஏறத்தாழ 45 நிமிடத்தில் 46 கோடி டாலருக்கு மேல் இழந்தது. சந்தை திறப்பதற்கு முன்பே அதன் கம்ப்யூட்டர்கள் கோளாறைக் குறிப்பிட்டு 97 மின்னஞ்சல்கள் அனுப்பியிருந்தன. அவை அலாரமாகக் கருதப்படவில்லை. யாரும் அவற்றின்மேல் நடவடிக்கை எடுக்கவில்லை. இதிலிருந்து அலாரத்தைக் கைவிட வேண்டும் என்று நான் முடிவுக்கு வரவில்லை. இப்போதே ஒரு மனிதர் செய்தாக வேண்டிய வேலை இருந்தால் மட்டும் போன் மணி அடிக்கட்டும். ஒருமுறை தோற்று மறுமுறை சரியானவை எல்லாம் காலை அறிக்கையில் ஒரு வரியாக வரட்டும். போன் யாருக்குப் போகிறது என்பதும் முக்கியம். சென்னையில் தூங்கும் மென்பொருள்காரருக்கு முன்பாக, போர்ட்டலில் கையால் எடுக்கத் தெரிந்த இரவு ஷிஃப்ட் சூப்பர்வைசருக்குப் போக வேண்டும். மாதம் ஒருமுறை பகலில் வொர்க்கரை வேண்டுமென்றே நிறுத்தி, அவர் போன் அடிக்கிறதா என்று பார்த்துவிடுவதும் நல்லது. கிட்லேப்பில் விடுபட்டுப்போன சோதனை அதுதான்.

அரசுப் போர்ட்டலே படுத்துவிட்டால்? இ-வே பில் 2018 பிப்ரவரி 1 அன்று தொடங்கிய நாளிலேயே தளம் திணறி, கட்டாயம் தள்ளிவைக்கப்பட்டு, ஏப்ரல் 1 முதல்தான் மாநிலங்களுக்கிடையே நடைமுறைக்கு வந்தது. அப்படிப்பட்ட நாளில் நம் அலாரத்தால் போர்ட்டலை எழுப்ப முடியாது. ஆனால் கோளாறு அங்கேதான் என்று பத்தாவது நிமிடமே தெரிந்தால், வாங்குபவருக்கு நாமே முதலில் போன் செய்து சொல்லிவிடலாம்.

சின்ன யூனிட்டுக்கு இதெல்லாம் எதற்கு என்ற எண்ணமும் உண்டு. 2020-ல் ஐந்நூறு கோடி ரூபாய் விற்றுமுதல் உள்ளவர்களுக்கு மட்டும் என்று தொடங்கிய இ-இன்வாய்ஸ், 2023 ஆகஸ்ட் 1 முதல் ஐந்து கோடியைத் தாண்டிய எல்லோருக்கும் கட்டாயம் ஆகிவிட்டது. இரவில் கம்ப்யூட்டர் ஆள் வைத்துக்கொள்ள முடியாதவர்கள் அவர்கள்தான். நான் சொன்னதற்கு ஒரு அட்டவணையும் ஒரு சிறு நிரலும் வெளியே ஒரு கண்காணிப்புச் சேவையும் போதும்.

இந்த ஏற்பாட்டுக்குப் பிடிபடாத கோளாறும் உண்டு. வண்டி எண் தவறாக ஏறிய இ-வே பில்லும் எண்ணோடு வந்துவிடும். வொர்க்கர் அதை வெற்றி என்றே எழுதும். இன்வாய்ஸே போடாமல் கிளம்பிய லாரி அட்டவணையிலேயே இராது. இவற்றுக்கு எடைமேடைப் பதிவையும் இ-வே பில் பட்டியலையும் வண்டிக்கு வண்டி ஒப்பிடுவதைத் தவிர வேறு வழியில்லை. இ-வே பில்லை ரத்து செய்ய 24 மணி நேரம்தான் அவகாசம், அதுவும் வழியில் அதிகாரிகள் சரிபார்த்துவிட்டால் முடியாது. அதனால் அந்த ஒப்பீட்டை மாதக் கடைசிக்குத் தள்ளாமல், இரவு ஷிஃப்ட் கைமாறும் காலை ஆறு மணிக்கே அன்றன்று முடித்துவிட வேண்டும்.